தளர்வுப் பயிற்சிக்கு உரை எழுதுவது: சில கேள்விகள், பதில்கள்

10 நிமிட ஒலிப்பதிவுக்கு உரை எழுதினேன். 900 சொல் வந்தது. வாசித்தால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. இன்னும் மெதுவாக வாசித்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து வாசித்தால் கேட்பவருக்குத் தூக்கம் வராது, எரிச்சல்தான் வரும். சொல்லை இயல்பான வேகத்திலேயே சொல்லுங்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளியைக் கூட்டுங்கள். 10 நிமிடத்துக்கு எனக்கு 300 முதல் 400 சொல்லே போதுமானதாக இருக்கிறது. அதனால் உங்கள் உரையில் பாதிக்கு மேல் வெட்ட வேண்டியிருக்கும்.

எங்கே வெட்டுவது? தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. "நாள் முழுவதும் உங்கள் தோள்களில் தேங்கியிருக்கும் இறுக்கத்தை மூச்சோடு சேர்த்து வெளியே அனுப்பித் தளர்த்திக்கொள்ளுங்கள்" என்று எழுதினால், என்ன செய்யச் சொல்கிறோம் என்பதே கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதுவரை கேட்பவர் எல்லாவற்றையும் மனதில் தாங்கிக்கொண்டு காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பும் ஒரு இறுக்கம்தான். நான் இப்படி உடைப்பேன்:

கவனம் தோள்களுக்கு வரட்டும். (4 விநாடி)
மூச்சு வெளியே போகிறது… தோள்கள் தளரட்டும். (8 விநாடி)
மூச்சு வெளியே போகிறது… தோள்கள் இன்னும் கொஞ்சம் தளரட்டும். (8 விநாடி)
தளர்ந்த தோள்கள். (10 விநாடி)

எட்டு விநாடியில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு முழு மூச்சாவது முடிந்துவிடும். சொன்னதைச் செய்து பார்க்க அந்த நேரம் வேண்டும். விநாடிகளை உரையிலேயே குறித்துவையுங்கள். "சிறிது நேரம்" என்று மட்டும் எழுதினால், பதிவு செய்யும்போது இரண்டு விநாடியிலேயே பொறுமை போய்விடும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். மௌனம் பேசுபவருக்கு நீளமாகத் தெரியும், கண் மூடிப் படுத்திருப்பவருக்குத் தெரியாது.

ஒரே வரியை எவ்வளவு அதிகமாகச் சொல்கிறோமோ அவ்வளவு ஆழமாக இறங்கும் என்று படித்தேன். "அமைதி, அமைதி" என்று 20 தடவை வைத்திருக்கிறேன். சரிதானே?

பாதி சரி. திரும்பச் சொல்வது இந்தப் பயிற்சிகளில் பழைய வழிதான். ஜெர்மன் மருத்துவர் யோஹன்னஸ் ஷுல்ட்ஸ் 1932-இல் வெளியிட்ட முறையில் "வலது கை கனமாக இருக்கிறது" என்பது போன்ற வரியை ஆறு தடவை மனதுக்குள் சொல்லச் சொல்வார்கள். ஆனால் அந்த வரியில் ஒரு உறுப்பு இருக்கிறது, உணர்ந்து பார்க்க ஒரு கனம் இருக்கிறது. "அமைதி" என்ற சொல்லை மட்டும் 20 தடவை கேட்டால், நான்காவது தடவையிலேயே அது வெறும் சத்தமாகிவிடும்.

ஒலிப்பதிவில் ஒரு வரியை அடுத்தடுத்து மூன்று தடவைக்கு மேல் நான் சொல்வதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு மாற்றம் இருக்கும். மேலே "தளரட்டும்", "இன்னும் கொஞ்சம் தளரட்டும்", "தளர்ந்த" என்று வந்ததைப் பாருங்கள். அப்புறம் "மூச்சு வெளியே போகிறது" என்ற வரியைத் தாடைக்கு வரும்போது, கைக்கு வரும்போது அப்படியே மறுபடி வையுங்கள். மூன்றாவது உறுப்புக்குள் அந்த வரியைக் கேட்டதுமே உடல் தளரப் பழகிவிடும்.

யோகா வகுப்பில் "பதற்றப்படாதீர்கள், எதையும் யோசிக்காதீர்கள்" என்று சொல்கிறேன். மாணவர்கள் கேட்கிறார்கள், ஆனாலும் நெற்றி சுருங்கியே இருக்கிறது.

அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள். "பதற்றப்படாதீர்கள்" என்பதில் காதில் முதலில் விழுவது பதற்றம். மறுப்பு கடைசியில்தான் வருகிறது. "எண்ணங்கள் வரலாம், போகலாம்" என்றால் போதும்.

கட்டளைக்குப் பதிலாக "தளரட்டும்", "மூடியிருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். தமிழில் இந்த "-அட்டும்" நமக்குப் பெரிய வசதி. யாரும் எதையும் முயன்று செய்ய வேண்டியதில்லை, அது தானாக நடக்கலாம் என்ற பொருள் சொல்லிலேயே வந்துவிடுகிறது. "முயற்சி செய்யுங்கள்" என்ற சொல் மட்டும் எங்குமே வேண்டாம்.

அம்மாவுக்குத் தூக்கம் வராது. இப்படி ஒரு பதிவைப் போட்டுக் கொடுத்தேன். "மூச்சைக் கவனியுங்கள்" என்றதும் நெஞ்சு படபடக்கிறது என்கிறார். குரல் சரியில்லையா?

குரலை நான் சந்தேகிக்க மாட்டேன். தளர முயலும்போதே சிலருக்குப் பதற்றம் கூடும். மூச்சைக் கவனித்தால் அது அடைபடுவது போல அவர்களுக்குத் தோன்றும். அம்மாவுக்கு மூச்சையே பேசாத உரை எழுதுங்கள். பாதம் விரிப்பைத் தொடும் இடம், கையின் கனம், தூரத்தில் கேட்கும் சத்தம் போதும். "கண்கள் திறந்தும் இருக்கலாம்" என்றும் சேருங்கள். பயிற்சி இல்லாத நேரத்திலும் படபடப்பு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், அது உரையால் தீர்வதல்ல.

"கனமாக இருக்கிறது" நல்லதா, "லேசாக இருக்கிறது" நல்லதா? எங்கள் குழுவில் இதற்கே சண்டை.

நான் கனத்தின் பக்கம். படுத்திருக்கும் உடல் உண்மையிலேயே கீழே அழுந்துகிறது, அதனால் கேட்பவர் உடனே நம்புவார். ஆனால் உடல் வலியோடு படுத்திருக்கும் இரண்டு பேர் என்னிடம், கனம் என்றாலே பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு "லேசாக" என்று மாற்றினேன். ஒருவர் தூங்கிவிட்டார், இன்னொருவருக்கு அதுவும் ஒத்துவரவில்லை.