இடுப்பு வலியோடு உட்காரும் இடம் மரத்துப்போனால்

கேள்வி: வாழைத்தார் தூக்கியதிலிருந்து அப்பாவுக்கு இடுப்பு வலி. இப்போது உட்காரும் இடம் மரத்திருக்கிறது, சிறுநீரும் சரியாக வரவில்லை என்கிறார். எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாமா?

வேண்டாம். இரவானாலும் இப்போதே 108-ஐ அழைத்து, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலக் கொத்தாக இறங்கி, கால்களுக்கும் சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்புக்கும் செல்கின்றன. பாரம் தூக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி இந்தக் கொத்தையே நசுக்கிவிடலாம். தாமிரபரணிக் கால்வாயில் அடைப்பு விழுந்தால் கடைமடை வயல் காய்வதுபோல, நசுங்கிய இடத்துக்குக் கீழே உணர்வு குன்றும். பயிர் கருகிய பிறகு தண்ணீர் திறந்து பயனில்லை, நரம்பும் அப்படித்தான்.

மரத்துப்போவதைப் பலர் கழுவும்போதுதான் உணர்கிறார்கள்: தண்ணீர் படுவதே தெரியாது. சிறுநீர் வர முக்க வேண்டியிருக்கும், பை நிறைந்தது தெரியாது, மலம் தானாகக் கசியலாம். இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ சேர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலே போதும், மற்றவை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்து, நசுக்கல் உறுதியானால் அறுவை சிகிச்சையில் அழுத்தத்தை நீக்குவார்கள். சிறுநீர் முழுதும் அடைபடுவதற்கு முன்பே செய்தால் கட்டுப்பாடு மீள வாய்ப்பு அதிகம்.

சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போவதால் அடைப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள்; உணர்விழந்த பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் சொட்டும்.