ஒரே விற்பனையாளரிடம் வாங்குவதைத் தணிக்கைக்கு விளக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தின் திரவ குரோமட்டோகிராஃப் கருவியில் யூ.வி. டிடெக்டர் பழுதாகிவிட்டது. கருவியைத் தயாரித்த நிறுவனத்திடமே புதியதை வாங்க வேண்டும். “இவர்கள் மட்டுமே தரமானவர்கள்” என்று முன்பு எழுதிய குறிப்புக்குத் தணிக்கையில் ஆட்சேபணை வந்தது. இம்முறை எப்படி எழுதுவது?

பதில்: விற்பனையாளரின் பெருமையைத் தணிக்கையாளர் கேட்பதில்லை, இன்னொருவரிடம் வாங்கியிருந்தால் உங்கள் ஆய்வகத்தில் எந்த வேலை நின்றிருக்கும் என்றுதான் கேட்கிறார். யூ.வி. டிடெக்டரைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன என்பதால், “இவர்கள் மட்டுமே” என்ற சொல் சிறிது நேரத் தேடலிலேயே பொய்யாகிவிடும். அதன்பின் குறிப்பின் மற்ற வரிகளையும் அவர் சந்தேகத்துடனே படிப்பார். ஆகவே, வேறு தயாரிப்புகளும் சந்தையில் உள்ளன என்பதை நீங்களே முதல் பத்தியில் ஒப்புக்கொண்டு, அவை உங்களிடம் உள்ள கருவிக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்குச் செல்லுங்கள்.

அந்தக் காரணம் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் டிடெக்டரை அனலாக் சிக்னல் வழியாகப் பழைய கருவியுடன் இணைக்க முடியும் என்றாலும், அப்போது அலைநீளம் போன்ற அமைப்புகளை உங்கள் மென்பொருள் கட்டுப்படுத்தாது. யார், எப்போது மாற்றினார்கள் என்ற பதிவும் அதில் தானாகச் சேராது. உங்கள் தர நடைமுறை அந்தப் பதிவைக் கட்டாயமாக்கியிருந்தால், நடைமுறை ஆவணத்தின் எண்ணையும் பிரிவையும் குறிப்பிடுங்கள். டிடெக்டர் மாறினால் எத்தனை சோதனை முறைகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும், அதற்கு எத்தனை பணிநாட்கள் ஆகும் என்பதை ஆய்வகப் பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்கி இணையுங்கள். “இந்தக் கருவிக்கு எங்கள் பாகமே பொருந்தும்” என்று தயாரிப்பாளர் தரும் கடிதத்தையும் இணைக்கலாம். ஆனால் விற்பவரின் சான்று அது என்பதால் அதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. வேறு இரண்டு நிறுவனங்களுக்கு மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் குறிப்பிட்டு, “இதிலிருந்து உங்கள் டிடெக்டரை முழுமையாகக் கட்டுப்படுத்த முடியுமா?” என்று கேட்டுப் பெற்ற பதில் அதைவிட வலுவானது. யாரேனும் “முடியும்” என்று பதில் எழுதினால், அந்தக் கொள்முதலைப் போட்டிக்கு விடுவதுதான் முறை.

அடுத்த சிக்கல் பெரும்பாலும் விலைப்புள்ளியிலேயே ஒளிந்திருக்கும். டிடெக்டருடன், கலவையைப் பிரிக்கும் குழாய்களான காலம்களையும் மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுப்பது விற்பனையாளர்களின் வழக்கம். நீங்கள் சொன்ன காரணம் டிடெக்டருக்கு மட்டுமே பொருந்தும். காலம்களைப் பலரிடம் வாங்கலாம் என்பதால் அவற்றைப் பிரித்து வழக்கமான போட்டி முறைக்கு அனுப்புங்கள். பராமரிப்புக்குத் தனிக் காரணம் இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். காரணம் எட்டும் தூரத்தைத் தாண்டி வாங்கிய ஒவ்வொன்றும் தனி ஆட்சேபணையாக வரும்.

போட்டி இல்லாத இடத்தில் விலை நியாயமானது என்று காட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. பல குறிப்புகள் தடுமாறுவது இங்கேதான். விற்பனையாளரின் விலைப் பட்டியலோடு நிறுத்தாமல், அதே பாக எண்ணுக்கு அண்மையில் வேறு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த பில் நகல்களைக் கேளுங்கள். உங்கள் பழைய கொள்முதல் விலை இருந்தால் அதனுடன் ஒப்பிடுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் 100 ஆக இருந்த விலை இப்போது 130 என்றால், அந்த 30-இல் பட்டியல் விலை உயர்வு எவ்வளவு, நாணய மாற்று எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். காரணம் கிடைக்காத மீதியைப் பேசிக் குறைக்க முயன்றதை, கேட்ட தொகை, கிடைத்த பதில், தேதி ஆகியவற்றுடன் பதிவு செய்யுங்கள். விற்பனையாளர் குறைக்க மறுத்திருந்தாலும் அந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு.

குறிப்பின் மையப் பத்தி ஏறத்தாழ இப்படி அமையலாம்: “இவ்வகை டிடெக்டரைப் பிற நிறுவனங்களும் தயாரிக்கின்றன. எனினும் தற்போதைய மென்பொருளிலிருந்து அவற்றை முழுமையாகக் கட்டுப்படுத்த இயலாது என்று இரு நிறுவனங்கள் எழுத்தில் தெரிவித்துள்ளன (இணைப்பு 2, 3). மாற்றினால் ஆறு சோதனை முறைகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும் (இணைப்பு 4). எனவே டிடெக்டரை மட்டும், இந்த ஒரு முறைக்கு, கருவித் தயாரிப்பாளரிடம் வாங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.”

கையெழுத்துக்கு முன் கோப்பில் உள்ள தேதிகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பழுது அறிக்கை, தேவைக் குறிப்பு, பிற நிறுவனங்களுக்கு எழுதிய கடிதம், விலைப்புள்ளி, ஒப்புதல், ஆணை என்ற வரிசை மாறக் கூடாது. விலைப்புள்ளி தேவைக் குறிப்புக்கு முந்தையதாக இருந்தால், விற்பனையாளரை முடிவு செய்துவிட்டுக் காரணத்தைத் தேடியதாகவே அது படிக்கப்படும். வரவுசெலவு மதிப்பீட்டுக்காக முன்கூட்டியே வாங்கிய விலைப்புள்ளி என்றால், அதை அப்படியே குறிப்பில் சொல்லி, தேவைக் குறிப்புக்குப் பின் புதிய விலைப்புள்ளி ஒன்றைப் பெறுங்கள். பழைய தேதியிட்டு ஆவணம் தயாரிப்பது மட்டும் கூடவே கூடாது; மின்னஞ்சல்களும் கோப்பின் கணினிப் பதிவுகளும் உண்மையான தேதியைக் காட்டிவிடும்.