கவர் பாட்டின் கீழே யார் பெயர், எந்தத் தேடல் சொல்?

"பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடி யூடியூபில் போடப் போகிறேன். கீழே யார் யார் பெயரைப் போடணும்? தேடுகிறவர்கள் கண்ணில் பட என்னென்ன சொற்கள் கொடுக்கலாம்?"

பெயர்களை இரண்டு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் அசல் பாட்டின் விவரம், ஒரு வரி இடைவெளி விட்டு உங்கள் பதிவின் விவரம். இரண்டும் கலந்தால், அசல் பாடகரே உங்கள் வீடியோவில் பாடியிருப்பதுபோல் ஆகிவிடும்.

'சின்ன சின்ன ஆசை'யை எடுத்துக்கொள்வோம். படம் ரோஜா (1992), இசை ஏ.ஆர்.ரஹ்மான், வரிகள் வைரமுத்து, அசல் குரல் மின்மினி. அடுத்த பகுதியில் பாடியவர், வாசித்தவர்கள், மிக்ஸிங் செய்தவர், கேமரா. பலர் விட்டுவிடுவது பாடலாசிரியரைத்தான். நீங்கள் பாடுவதே அவர் எழுதியதை என்பதால் அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. இதே மெட்டை இந்தியில் பாடினால் வரிகள் பி.கே.மிஸ்ராவுடையவை, அங்கே வைரமுத்து பெயர் வராது. கரோக்கி டிராக் வேறொருவருடையது என்றால் அனுமதி வாங்கி, அவர் பெயரையும் சேருங்கள்.

பெயர் போடுவது அனுமதி ஆகாது. நீங்களே வாசித்துப் பாடினாலும், யூடியூபின் தானியங்கிச் சோதனை முறையான கன்டென்ட் ஐடி மெட்டை அடையாளம் கண்டு, உரிமை கோரல் வரக்கூடும். பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். அது சேனலுக்கே ஆபத்தாகும் காப்பிரைட் ஸ்ட்ரைக் அல்ல, பதறி நீக்க வேண்டாம்.

தேடல் சொற்களில் அதிக வேலை செய்வது தலைப்பு. அதில் 100 எழுத்துக்குறிகள்தான் கொள்ளும். நம் ஆட்களில் நிறையப் பேர் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் தேடுவதால் இரண்டு எழுத்துகளிலும் கொடுங்கள்:

```
Chinna Chinna Aasai Cover | சின்ன சின்ன ஆசை | உங்கள் பெயர்
```

Cover என்ற சொல் முன்னாலேயே இருக்கட்டும். அதைக் கடைசியில் தள்ளினால் மொபைல் திரையில் வெட்டுப்பட்டுவிடும். அசல் என்று நினைத்துத் திறப்பவர் சில நொடிகளில் வெளியேறிவிடுவார். பெண் குரல் பாட்டை ஆண் பாடியிருந்தால் Male Version, வீணையில் வாசித்திருந்தால் Veena Cover என்று போடுங்கள். அதைத் தேடி வருபவர்தான் முழுசாகக் கேட்பார்.

டேக் பெட்டிக்கு இப்போது அவ்வளவு செல்வாக்கு இல்லை. Asai, Aasai, Aasa என்று எழுத்து மாறும் இடங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். டிஸ்கிரிப்ஷனில் தொடர்பில்லாத நடிகர், பாடகர் பெயர்களைக் குவித்தால் யூடியூப் விதிப்படி அது தவறு, வீடியோவையே எடுத்துவிடலாம்.

சில வாரம் கழித்து யூடியூப் ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸில், யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் என்ன தட்டச்சு செய்தார்கள் என்று பாருங்கள். அங்கே அடிக்கடி வரும் எழுத்துக்கூட்டு உங்கள் தலைப்பில் இல்லையென்றால், அதற்கேற்பத் தலைப்பை மாற்றிவிடுங்கள்.