புது முட்டை உரியாது

கேள்வி: அன்று இட்ட முட்டையாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்தபின் பதினைந்து நிமிடம் வேக வைத்து, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றுகிறேன். இருந்தும் உரிக்கும்போது வெள்ளைக்கரு பிய்ந்து ஓட்டோடு போகிறது. ஐஸ் போதவில்லையா?

பதில்: ஐஸ் போதும். முட்டைதான் மிகவும் புதியது. போதாக்குறைக்கு, பச்சைத் தண்ணீரில் வைத்துச் சூடேற்றுகிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்து செய்யும் கெடுதலை எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் சரிசெய்ய முடியாது.

ஓட்டுக்கு அடியில் மெல்லிய சவ்வு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்கரு ஒட்டிக்கொள்வது ஓட்டில் அல்ல, அந்தச் சவ்வில். கோழி முட்டையிட்ட உடனே வெள்ளைக்கருவில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அப்போது அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 7.6. ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே அந்த வாயு நாளுக்கு நாள் கசிந்து வெளியேற, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது, பி.எச். 9ஐத் தாண்டிவிடும். காரம் குறைவாக இருக்கும்போது வேகும் வெள்ளைக்கரு, சவ்வை இறுகப் பற்றிக்கொள்கிறது. காரம் கூடியபின் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. உங்கள் கையில் ஓட்டோடு வருகிற வெள்ளைத் துண்டுகளுக்குக் காரணம் இதுதான்.

ஆகவே வேக வைக்கவேண்டிய முட்டையை வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றாதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் முதல் பத்து நாள் இருக்கட்டும். வெளியே வைத்தால் வாயு இன்னும் விரைவாகக் கசியும் என்றாலும் கெட்டுப்போகும் வேகமும் கூடும், பெட்டியே நல்லது. சில இடங்களில் முட்டையைக் கழுவி, ஓட்டின் மேல் எண்ணெய் பூசி விற்கிறார்கள். அந்தப் பூச்சு துளைகளை அடைப்பதால் அப்படிப்பட்ட முட்டை இன்னும் அதிக நாள் 'புதியதாகவே' நடந்துகொள்ளும்.

நாள் தெரியாத முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதியது, பொரியலுக்கோ ஆம்லெட்டுக்கோ எடுங்கள். அடியிலேயே இருந்து அகன்ற முனை சற்று மேலே தூக்கினால் வேக வைக்கச் சரியான பருவம். ஈரம் வற்றி உள்ளே காற்றறை பெருத்திருப்பதால்தான் அந்த முனை எழுகிறது. நேராக நின்றால் உரியும், ஆனால் வெந்தபின் அந்த முனையில் பெரிய பள்ளம் விழும், மஞ்சள்கருவும் ஓரம் ஒதுங்கியிருக்கும். மேலே மிதந்தால் வேக வைக்கவே வேண்டாம்.

அவசரத்துக்குப் புது முட்டைதான் இருக்கிறது என்றால், அடுப்பில்தான் நாம் ஏதாவது செய்யமுடியும். தண்ணீர் நன்றாகக் கொதித்தபின், முட்டையைக் கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக மெல்ல இறக்குங்கள். சூடு சட்டென்று தாக்கும்போது வெள்ளைக்கருவின் வெளிப்பரப்பு சவ்வைப் பற்றிக்கொள்வதற்கு முன்பே இறுகிவிடுகிறது. பச்சைத் தண்ணீரோடு சேர்ந்து சிறுகச் சிறுகச் சூடேறினால் ஒட்டிக்கொள்ள நிறைய நேரம் கிடைக்கிறது. நீங்கள் செய்துவருவது இதைத்தான். இறக்கியபின் தீயைக் குறைத்து, லேசாகக் கொதிக்கிற நிலையில் பதினொரு நிமிடம் வையுங்கள். ஆவியில் வேக வைத்தாலும் இதே பலன். பளபளக்கும் உரிப்பு புது முட்டையில் எப்போதும் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்; ஆறில் ஒன்றிரண்டு அப்போதும் பிய்யலாம்.

குளிர்ந்த நீருக்கு வேறு வேலை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். முதலாவது, வேகுவதை நிறுத்துவது. பதினைந்து நிமிடம் வெந்த உங்கள் முட்டையில் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்திருக்கும். அதிகச் சூட்டில் வெள்ளைக்கருவிலிருந்து பிறக்கும் கந்தக வாயு மஞ்சள்கருவின் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. தின்றால் கெடுதல் இல்லை. நேரத்தைக் குறைத்து, சட்டென்று ஆறவைத்தால் வராது. இரண்டாவது, ஆறும்போது உள்ளே இருப்பது சற்றுச் சுருங்கி ஓட்டை விட்டு விலகுவது. உரிக்க இது உதவும், ஆனால் சவ்வில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதைப் பிரிக்கும் அளவுக்கு அந்தச் சுருக்கம் பெரிதல்ல. தொட்டு எடுத்தால் போதாது. நடுப்பகுதி வரை குளிர, பதினைந்து நிமிடம் தண்ணீரிலேயே கிடக்கவேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பானால் மாற்றுங்கள்.

உரிக்கும்போது கூரிய முனையில் தொடங்காதீர்கள். அகன்ற முனையைத் தட்டி, பிறகு முட்டையை மேசையில் லேசாக உருட்டி ஓடு முழுவதையும் நொறுக்குங்கள். காற்றறை இருக்கும் இடத்தில் ஓட்டுக்கும் வெள்ளைக்கருவுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அங்கே பெருவிரலைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து, பாத்திரத் தண்ணீருக்குள் வைத்தே உரியுங்கள். தண்ணீர் இடையே புகுந்து சவ்வைத் தூக்கிக் கொடுக்கும். சவ்வை விட்டுவிட்டு ஓட்டுத் துணுக்குகளை மட்டும் கிள்ளினால், பத்து நாள் முட்டையும் பாடாய்ப் படுத்தும்.