சாவிக்கொத்து வலிப்பை நிறுத்துகிறதா?

"எங்க ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் காக்கா வலிப்பு வந்து விழுந்துட்டார். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிச்சாங்க, கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு. இரும்பு கொடுத்தா நிஜமாவே நிற்குமா? இல்லைன்னா பக்கத்துல இருக்கறவங்க என்னதான் செய்யணும்?"

நிற்காது. ஆனால் நீங்கள் பார்த்ததும் பொய் இல்லை. சாவி கைக்குப் போனது, வலிப்பு நின்றது, இரண்டுமே நடந்தன. ஒன்றால் மற்றொன்று நடக்கவில்லை, அவ்வளவுதான். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வலிப்பு வந்தவர்களை விடவும், வலிப்பின்போது சுற்றி நின்றவர்கள் செய்த "உதவி"யால் பல் உடைந்தும் தோள் நழுவியும் வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரமாக வரும்.

கை கால் வெட்டி இழுக்கிற வலிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். ஒருவர் விழுகிறார், கூட்டம் கூடுகிறது, "யாராவது இரும்பு குடுங்கப்பா" என்று குரல் எழுகிறது, ஒருவர் பைக் சாவியைத் தேடி எடுக்கிறார், இறுகிய விரல்களைப் பிரித்துத் திணிக்கிறார். இதற்கே ஒன்றரை நிமிடம் ஆகிவிடும். அதாவது வலிப்பு ஓயப்போகிற நேரத்தில்தான் சாவி கைக்குப் போகிறது. அந்த நேரத்தில் வெங்காயத்தை முகரக் கொடுத்தாலும், செருப்பை மூக்கருகே வைத்தாலும், ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றாலும் அது நின்றிருக்கும்.

சாவியால் உள்ளங்கையில் ஒரு கீறல் விழும், அது பெரிய கேடு இல்லை. எல்லோருடைய கவனமும் கைக்குப் போய்விடுவதுதான் கேடு. அந்த ஆள் மல்லாக்கக் கிடப்பார், வாயில் நுரையும் எச்சிலும் தேங்கியிருக்கும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததைச் சொன்னால் வரிசை புரியும். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞன், இருபத்தைந்து வயதிருக்கும், திடீரென்று அலறுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு நாற்காலியோடு சரிந்தான். அந்தச் சத்தம் வலியால் வருவதில்லை. நெஞ்சுத் தசை ஒரே வீச்சில் இறுகும்போது உள்ளே இருக்கும் காற்று குரல்வளை வழியே பிதுங்கி வருகிறது. உடம்பு கட்டை மாதிரி விறைத்தது, உதடு நீலம் பாரித்தது. "மூச்சு நின்னுடுச்சு" என்று ஒரு அம்மா கத்தினார். அந்தப் பத்து இருபது விநாடி மூச்சு சரியாக வராதுதான். அதற்காக வாயோடு வாய் வைத்து ஊதுவதோ நெஞ்சை அழுத்துவதோ அப்போது தேவையில்லை. விறைப்பு விட்டு இழுப்பு தொடங்கியதும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

நான் முதலில் செல்போனில் மணி பார்த்தேன். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். "அரை மணி நேரமா இழுத்துச்சு மேடம்" என்று கூட்டி வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடமாகத்தான் இருக்கும். அடுத்து, நாற்காலிகளையும் பக்கத்தில் இருந்த சாம்பார் வாளியையும் நகர்த்தச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் தோளில் கிடந்த துண்டை வாங்கி மடித்துத் தலைக்குக் கீழே வைத்தேன், கழுத்துப் பொத்தானைக் கழற்றினேன், மூக்குக் கண்ணாடியை எடுத்துவிட்டேன். இழுப்பு நடக்கும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

இதற்குள் இரண்டு பேர் அவன் கை கால்களை அமுக்கிப் பிடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். "விட்டுடுங்க அண்ணே" என்றால் ஒருவருக்குக் கோபமே வந்தது. இழுப்பு மூளையிலிருந்து வருகிறது. கையைப் பிடித்தால் மூளை நிறுத்தாது. தசை ஒரு பக்கம் இழுக்கும், பிடித்தவர் மறுபக்கம் இழுப்பார், நடுவில் தோள் மூட்டு நழுவும், சில சமயம் எலும்பே முறியும். படிக்கட்டு, அடுப்பு, தண்ணீர், ரோடு என்று ஆபத்தான இடத்தில் விழுந்திருந்தால் மட்டும்தான் ஆளை நகர்த்த வேண்டும்.

அடுத்ததாக வந்தது கரண்டி. ஒரு பெரியவர் கரண்டிக் காம்பை நீட்டி, "பல்லு கிட்டிப்போச்சும்மா, நாக்கைக் கடிச்சு முழுங்கிடுவான்" என்றார். நாக்கு வாயின் அடியோடு ஒட்டியிருக்கிறது, அதை யாராலும் விழுங்க முடியாது. கடிப்பது உண்மை. ஆனால் தாடை இறுகுகிற அந்த முதல் சில விநாடியிலேயே கடி பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. நீங்கள் கரண்டி தேடி வருவதற்குள் அது முடிந்த கதை. நாக்கின் ஓரத்தில் பட்ட கடி சில நாளில் ஆறிவிடும். கரண்டியால் உடைந்த முன்பல் முளைக்காது. உடைந்த துண்டு மூச்சுக்குழாயில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விரலை விட்டவர்களுக்கு வேறு பரிசு கிடைக்கும்: விரல் நசுங்கித் தையல் போட எங்களிடமே வருவார்கள்.

இந்தப் பையன் வாயில் சோறு வேறு இருந்தது, அதுதான் எனக்குக் கவலை. அப்போதும் வாய்க்குள் கையை விடக் கூடாது. இழுப்பு ரொம்ப வேகமாக இல்லாததால் தோளையும் இடுப்பையும் பிடித்து, இழுப்பை எதிர்க்காமல், மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்த்தேன். எச்சிலும் சோறும் கடைவாய் வழியாகத் தானே வழிந்தன. அதில் கொஞ்சம் ரத்தம் கலந்திருந்ததைப் பார்த்து, உள்ளே ஏதோ வெடித்துவிட்டது என்று யாரோ அழ ஆரம்பித்தார்கள். அது நாக்கில் விழுந்த கடி.

ஒன்றே முக்கால் நிமிடத்தில் இழுப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடியது. கடைசியாக ஒரு வெட்டு, பிறகு உடம்பு துவண்டு, குறட்டை மாதிரி ஆழமான மூச்சு வந்தது. கேள்வி கேட்டவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டம் இதுதான். "நின்னுடுச்சு" என்று கூட்டம் கலையும், ஆனால் மூச்சுப்பாதை அடைபடும் ஆபத்து இப்போதுதான் அதிகம். உடம்பு முழுக்கத் தளர்ந்திருப்பதால் மல்லாக்கக் கிடந்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை மறைக்கும், வாந்தி வந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும். அதனால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இருக்கும் அவர் கையை உடம்புக்குச் செங்கோணமாக வெளியே நீட்டுங்கள். மற்றக் கையை எடுத்து, அதன் புறங்கை உங்கள் பக்கம் இருக்கும் அவர் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும் முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் ஆள் தானாக உருண்டு வருவார். எவ்வளவு கனமான ஆளாக இருந்தாலும் ஒருவரே செய்யலாம். முகத்தை லேசாக அண்ணாந்து, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி வையுங்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் சோடா வரும். அன்றைக்கும் வந்தது. முழுதாகத் தெளியாதவருக்கு ஊற்றுகிற எதுவும் புரையேறி நுரையீரலுக்குப் போகலாம். முகத்தில் தண்ணீர் அடிப்பதாலும் தெளிவு சீக்கிரம் வராது. பேர் கேளுங்கள், என்ன ஊர் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லி, தானாக எழுந்து உட்கார்ந்தால்தான் ஒரு மடக்கு தண்ணீர். மாத்திரைக்கும் இதே விதி.

அந்தப் பையன் பத்து நிமிடம் போல மலங்க மலங்க விழித்தான், பிறகு எழுந்து எங்கோ நடக்கப் பார்த்தான். இழுத்துப் பிடித்து உட்கார வைத்தால் இந்தக் கட்டத்தில் சிலர் அடிக்கக்கூட வருவார்கள். அவர்களுக்கு நாம் யாரென்றே தெரியாது. அவனுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் நின்றுகொண்டு, "ஒண்ணும் இல்ல தம்பி, மண்டபத்துலதான் இருக்கே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேட்டி நனைந்திருந்தது, இன்னொரு துண்டால் மூடினோம். தெளிந்ததும் அவன் முதலில் பார்த்தது தன் வேட்டியையும் சுற்றி நின்ற கூட்டத்தையும்தான். கூட்டத்தைக் கலைப்பதும் முதலுதவியில் சேர்த்தி என்பேன்.

108ஐக் கூப்பிட வேண்டுமா என்று அவன் அம்மாவிடம் பேசினேன். பழைய வலிப்பு நோய், மாத்திரை சாப்பிடுகிறவன். ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்திருக்கிறான், முந்தின நாள் மாத்திரையும் விட்டுப்போயிருக்கிறது. தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பைக் கிளப்புகிற மிகச் சாதாரணக் காரணங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நின்றது, வழக்கம்போலத் தெளிந்தான், தலையில் அடி இல்லை. அதனால் ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை. தவறிய மாத்திரையைப் பற்றி டாக்டருக்குப் போன் போடச் சொன்னதோடு சரி.

அவன் யாரென்றே தெரியாத ஆளாக இருந்தால் உடனே 108ஐக் கூப்பிட்டிருப்பேன். முதல்முறை வலிப்பு, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, தலையில் அடி, தண்ணீருக்குள் வந்த வலிப்பு, ஒன்று தெளிவதற்குள் அடுத்தது வருவது, இவை எதற்கும் காத்திருக்கக் கூடாது. தெரிந்த நோயாளி என்றாலும் ஐந்து நிமிடம்தான் எல்லை. அதைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு, நேரம் போகப் போக ஊசி மருந்தும் எளிதில் கேட்காது. இதற்காகத்தான் சில நோயாளிகளின் வீட்டில் டாக்டர்கள் மிடாசோலம் என்ற மூக்கு ஸ்பிரே கொடுத்து வைக்கிறார்கள். எத்தனை முறை அடிப்பது என்பது எடையைப் பொறுத்தது, ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவருக்கு அடிக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாரடைப்பு போன்றவற்றால் இதயம் திடீரென்று நின்று விழுகிறவருக்கும் சில விநாடி கை கால் வெட்டும், பார்க்க வலிப்பு போலவே இருக்கும். வெட்டு நின்ற பிறகு மார்பைப் பாருங்கள். குறட்டையோடாவது ஒழுங்காக ஏறி இறங்கினால் வலிப்பு. மூச்சே இல்லை, அல்லது மீன் வாயைத் திறக்கிற மாதிரி எப்போதாவது ஒரு இழுப்பு என்றால் இதயம் நின்றிருக்கிறது. 108ஐக் கூப்பிட்டுவிட்டு, நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்தத் தொடங்க வேண்டும். அங்கேயும் சாவி தேடிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார்.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது வலிப்பு வருமென்றால், ஒருவர் தலைமாட்டில் இருக்கும்போது இன்னொருவர் செல்போனில் படம் பிடியுங்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது நரம்பியல் டாக்டருக்குப் பெரிய உதவி. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவரைப் படம் பிடிக்கிறவர்களிடம் மட்டும் போனை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.