இயக்குநர் குழு முன் தணிக்கை அறிக்கை: எந்தக் குறையை முதலில் வைப்பது?

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் உள் தணிக்கைப் பிரிவில் இருக்கிறேன். அடுத்த மாதம் முதல் முறையாக இயக்குநர் குழு முன் அறிக்கை வைக்க வேண்டும். இருபதுக்கு மேல் குறைகள் சேர்ந்துவிட்டன. எதை முதலில் சொல்வது? பரிந்துரைகளை எப்படி எழுதுவது?

பதில்:

இருபதையும் கூட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள். குழுவின் முடிவு தேவைப்படுபவை மூன்றோ நான்கோதான் இருக்கும். மீதியை மேலாளர்களே தீர்த்துவிடலாம்; அவற்றைப் பின்னிணைப்பில் ஒரு பட்டியலாகப் போட்டால் போதும். ஒரே காரணத்தில் முளைத்த குறைகளை ஒன்றாகச் சேர்த்தாலே எண்ணிக்கை பாதியாகும்.

கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கடைசியில் நான்கு குறைகள் நின்றன. ஸ்டோர்ஸ் உதிரிபாகங்களில் 6.4 லட்சம் ரூபாய்க்கு இருப்புக் குறைவு. எடை மேடைக் கணினியில் லாரி எடையைக் கையால் தட்டச்சு செய்ய முடிகிறது. பஞ்சு கொடுப்பவரின் வங்கிக் கணக்கு எண்ணைக் கணக்குப் பிரிவில் ஒருவரே மாற்றி, அவரே பணம் அனுப்பும் கோப்பையும் பதிவேற்றுகிறார். பஞ்சு குடோனின் டீசல் தீயணைப்புப் பம்பு சோதித்தபோது ஓடவில்லை. ஆனால் வாராந்திரப் பதிவேட்டில் 'சரியாக உள்ளது' என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மூன்று மாதத்துக்கு எழுதியிருந்தது.

நிதி மேலாளர் உதிரிபாகத்தை முதலில் வைக்கச் சொன்னார். பணம் போனது அதில்தானே என்பது அவர் வாதம். அப்படி வைத்திருந்தால் கூட்டத்தில் பாதி நேரம் பேரிங்கிலும் பெல்ட்டிலும் கரைந்திருக்கும். பேரிங்கைப் பற்றி எல்லா இயக்குநருக்கும் ஒரு கருத்து உண்டு.

போன பணம் வேறு, போகக்கூடிய பணம் வேறு. வரிசையைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். அதைக் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள். ஒரு லாரிக்கு 100 பேல், பேலுக்கு 170 கிலோ என்றால் 17,000 கிலோ. கண்டி 356 கிலோ. கண்டி விலை 56,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு லாரிப் பஞ்சு ஏறக்குறைய 27 லட்சம். அந்த ஆலையில் ஒரே வியாபாரிக்கு நான்கு லாரிப் பணம் ஒன்றாகப் போவது வழக்கம். 'எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது' என்று ஒரு போலிக் கடிதம் மின்னஞ்சலில் வந்து, அதை நம்பி எண்ணை மாற்றிவிட்டால் ஒரு கோடிக்கு மேல் ஒரே நாளில் போய்விடும்.

அது நடக்க எவ்வளவு வாய்ப்பு? இதற்கு ஊகம் வேண்டாம், சோதனை வேண்டும். அந்த ஆண்டு 14 கணக்கு எண்கள் மாற்றப்பட்டிருந்தன. வியாபாரியைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்ததற்கான குறிப்பு இரண்டுக்குத்தான் இருந்தது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. வசதி வந்திருந்தது, மொத்தமாகக் கோப்பு பதிவேற்றும் அவசரத்தில் அங்கே யாரும் அதைப் பார்க்கவில்லை. இதுவரை ஒரு ரூபாயும் இழக்காத அந்தக் குறை முதலிடத்துக்கு வந்தது இப்படித்தான்.

பம்பு இரண்டாவது. 'இருபது வருடமாகத் தீப்பிடித்ததில்லை' என்றார்கள். தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காப்பீட்டு பாலிசியில் தீயணைப்புக் கருவிகளைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பம்பு ஓடாத நாளில் தீப்பிடித்தால் பஞ்சும் போகும், இழப்பீடும் தகராறில் மாட்டும். பாதிப்புக்கும் வாய்ப்புக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கும் முறை இங்கேதான் ஏமாற்றும். பாதிப்புக்கு 5, வாய்ப்புக்கு 1 போட்டால் மதிப்பெண் 5. தினமும் நடக்கும் சில்லறைத் தவறுக்குப் பாதிப்பு 1, வாய்ப்பு 5. அதற்கும் மதிப்பெண் 5. இரண்டும் ஒன்றா? ஆலையை நிறுத்திவிடக்கூடிய எதையும், வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், 'உயர்' நிலைக்குக் கீழே இறக்காதீர்கள்.

'உயர்' என்றால் என்ன என்பதைத் தணிக்கை தொடங்கும் முன்பே குழுவிடம் ஒப்புதல் வாங்கி வையுங்கள். ஒரு மாத லாபத்துக்கு மேல் இழப்பு, மூன்று நாளுக்கு மேல் உற்பத்தி நிற்பது, சட்டப்படி இயக்குநரே பதில் சொல்ல வேண்டிய நிலை என்று எல்லை போட்டுக்கொள்ளலாம். எல்லை இல்லாவிட்டால் ஒவ்வொரு குறைக்கும் நீங்கள் போடும் தரம் பேரம் பேசும் பொருளாகிவிடும். பாதிக் குறைகள் 'உயர்' நிலையில் வந்து நின்றால் உங்கள் எல்லை தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

இனிப் பரிந்துரை. 'கட்டுப்பாடுகளை வலுப்படுத்த வேண்டும்' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதனால்தான் எல்லோரும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறார்கள். வங்கிக் கணக்குக் குறைக்கு நாங்கள் எழுதியது இது: இன்று முதல், எண் மாறிய வியாபாரிக்கு நிர்வாக இயக்குநர் கையெழுத்தில்லாமல் பணம் போகாது. இது தற்காலிகம். அடுத்த மாத இறுதிக்குள் மென்பொருளில் அனுமதியைப் பிரிக்க வேண்டும். கோரிக்கையைக் கொள்முதல் பிரிவு பதிவு செய்யும், கணக்குத் தலைவர் வியாபாரியை அழைத்துக் கேட்ட பிறகு ஒப்புதல் தருவார். அழைக்க வேண்டியது பழைய பில்லில் உள்ள எண்ணை. வந்த கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்தால் மோசடிக்காரரே எடுத்து 'ஆமாம்' என்பார். பொறுப்பு கணக்குத் தலைவருக்கு. செலவு, மென்பொருள்காரரின் ஒரு நாள் வேலைக் கூலி. அடுத்த காலாண்டில் எல்லா மாற்றங்களையும் எடுத்துப் பார்ப்போம்; ஒவ்வொன்றுக்கும் அழைப்புக் குறிப்பு இருந்தால்தான் குறை முடிந்ததாகக் கொள்வோம்.

எடை மேடைக்கும் இதே வழிதான். கையால் பதியும் வசதியைப் பூட்டிவிட வேண்டும். எந்திரம் பழுதானால் மட்டும் ஆலை மேலாளர் திறக்கலாம், திறந்த ஒவ்வொரு முறைக்கும் பதிவு இருக்க வேண்டும். உதிரிபாகம் நான்காவது இடத்துக்குப் போனது.

அறிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே மேலாளர்களிடம் கொடுத்துவிடுங்கள். தகவலில் பிழை இருந்தால் திருத்துங்கள்; தரத்தை மட்டும் கேட்டதற்காக மாற்றாதீர்கள். உடன்படாதவரின் மறுப்பை அவர் சொற்களிலேயே பக்கத்தில் போடுங்கள். 'இந்த அபாயம் பரவாயில்லை, அப்படியே விடுகிறோம்' என்று நிர்வாகம் சொல்லி, நிறுவனத்துக்கு அது தாங்காது என்று தணிக்கைத் தலைவர் கருதி, பேசியும் தீரவில்லை என்றால், அதைக் குழுவிடம் கொண்டு போவது அவர் கடமை. 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள உலக உள் தணிக்கைத் தரநெறிகளும் இதைத்தான் சொல்கின்றன.

குடும்ப ஆலை என்றால் ஒரு கேள்வி நிச்சயம் வரும். எங்கள் கூட்டத்தில் மூத்த இயக்குநர் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, எடுத்தது யார்?" என்று கேட்டார். "யாரும் எடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை ஐயா. எடுத்தால் தெரியாத நிலையில் இருக்கிறோம் என்பதுதான் குறை" என்றேன். பெயர் எதுவும் சொல்லிவிடாதீர்கள். ஆதாரம் கிடைத்தால் அது தனி விசாரணை. இந்தக் கூட்டத்தின் வேலை இல்லை.

முதல் பக்கத்தின் முதல் வரியில் குழு என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்திலிருந்து, புதியவற்றுக்கு முன்னால் பழைய பரிந்துரைகளின் நிலையை வையுங்கள். எந்தக் குறைக்காவது இரண்டாவது முறையாகத் தேதி தள்ளிப்போனால் அதன் தரத்தை ஒரு படி உயர்த்திக் காட்டுங்கள்.