செலவு ஏறினா மோனோபொலிக்காரன் விலையை எவ்வளவு ஏத்துவான்?

"மார்ஜினல் காஸ்ட் 10 ரூபா கூடினா மோனோபொலி விலை 5 ரூபா தான் கூடும்னு ஒரு புக்ல இருக்கு, இன்னொண்ணுல 10-க்கு மேலயே கூடும்னு இருக்கு, எது சரி?"

ரெண்டுமே சரிதாங்க, டிமாண்ட் கர்வ் எப்படி வளையுதுங்கறத பொறுத்தது. P விலை, Q விக்கற அளவுனு வச்சு நேர்கோடு P = 100 − Q எடுத்துக்கோங்க, இன்னொரு யூனிட் செய்ய ஆகற மார்ஜினல் காஸ்ட் 20. இன்னொரு யூனிட் வித்தா கூட வர்ற வருமானம், அதாவது MR = 100 − 2Q, அத 20-க்கு சமமா வச்சா Q = 40, விலை 60. காஸ்ட் 30 ஆனா Q = 35, விலை 65, அதாவது ஏறினதுல பாதிதான் வாங்கறவங்க தலையில விழுது. ஏன்னா விலை 1% ஏறினா விக்கற அளவு எத்தனை % விழும்ங்கறதுதான் எலாஸ்டிசிட்டி, நேர்கோட்டுல விலை ஏற ஏற அதுவும் கூடும், 60-ல 1.5 இருந்தது 65-ல கிட்டத்தட்ட 1.86, ஆளுங்க சட்டுனு விலகிடுவாங்க, அதனால அவன் தன் மார்ஜின 40-லேர்ந்து 35-க்கு குறைச்சுக்கறான்.

இப்போ எலாஸ்டிசிட்டி எங்கயும் மாறாம 1.5-னு வைங்க. விலை = காஸ்ட் × 1.5/(1.5 − 1), அதாவது காஸ்ட்டோட 3 மடங்கு. காஸ்ட் 20-ல அதே 60 தான், ஆனா 30-ல 90! 10 கூடினதுக்கு 30 ஏறுது, ஆனாலும் அவன் லாபம் குறையத்தான் செய்யும், விக்கற அளவு அவ்வளவு விழுந்துடும். இதுல கவனிக்க வேண்டியது, ஆரம்பத்துல ரெண்டு கேஸ்லயும் விலை, எலாஸ்டிசிட்டி எல்லாமே ஒண்ணுதான், அதனால இன்னிக்கு இருக்கற எலாஸ்டிசிட்டிய மட்டும் அளந்து வச்சுக்கிட்டு நாளைக்கு வரி போட்டா விலை எவ்வளவு ஏறும்னு சொல்லவே முடியாது. எலாஸ்டிசிட்டி 1-ஓ அதுக்கும் கீழயோ இருந்தா இந்த ஃபார்முலாவ போடாதீங்க.